"நான் எதையுமே தொடல, அதுவா மாறிடுச்சு"

கேள்வி: அம்மா அப்பாவுக்கு போன் சொல்லிக்கொடுக்கிற மீம்களைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். எல்லாமே எங்கள் வீட்டில் நடப்பதுதான். அதிலும் "நான் எதையுமே தொடல, அதுவா மாறிடுச்சு" என்பது அடிக்கடி கேட்கிற வசனம். இது வெறும் வயசுக் கோளாறா, இல்லை தலைமுறை இடைவெளி என்கிறார்களே, அதுவா? ஏன் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடக்கிறது?

பதில்:

நீங்கள் சொன்ன அந்த வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த ரக மீம்களில் விஷயம் அதிகம் இருப்பது அதில்தான். வீடியோ காலில் நெற்றியை மட்டும் காட்டும் அம்மாவையும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாமல் இன்னொரு போனால் திரையைப் படம் பிடிக்கும் அப்பாவையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். (இன்னொரு போனால் படம் பிடிப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் திரை படமாகும் என்று அந்த போனில் எங்கேயும் எழுதியிருக்கவில்லையே.) ஆனால் "நான் எதையுமே தொடல" என்பவர் பெரும்பாலும் மழுப்புவதில்லை. தனக்குத் தெரிந்த அளவில் நடந்ததை அப்படியே சொல்கிறார். அவர் செய்ததாக நினைப்பது ஒன்று, போன் புரிந்துகொண்டது வேறொன்று. நடுவில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பெரியவர்கள் செயலிகளைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது, திரையைப் பார்க்காமல் விரலைப் பார்க்க வேண்டும் என்பது. திரையை மட்டும் பார்த்தால் மீமில் வருகிற அதே காட்சிதான் தெரியும். விரலைப் பார்த்தால் கதையே வேறு.

ஒரு தொடுதலை போன் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்ப்போம். கண்ணாடிக்கு அடியில் இருப்பது பட்டன் இல்லை. விரல் நெருங்கும்போது ஏற்படும் சிறிய மின்மாற்றத்தை அளக்கும் ஒரு வலை அது. விரல் எங்கே பட்டது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்குள் எவ்வளவு நகர்ந்தது என்ற மூன்றைத்தான் போன் பார்க்கிறது. பட்டதும் எடுத்துவிட்டால் அது தட்டல். சுமார் அரை விநாடிக்கு மேல் அதே இடத்தில் இருந்தால் அது அழுத்திப் பிடித்தல், அதற்கு முற்றிலும் வேறு வேலை நடக்கும். இரண்டு மில்லிமீட்டர்கூட நகர வேண்டாம், அதற்குள்ளேயே அதைத் தள்ளலாகவோ இழுத்தலாகவோ எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது பெரும்பாலான போன்களில் கணக்கிலேயே வராது.

இப்போது உங்கள் அப்பாவின் விரலை நினைத்துப் பாருங்கள். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி உண்மையான பட்டன்களை அமுக்கிப் பழகியவர். டைப்ரைட்டர், லிஃப்ட், ரிமோட், பழைய பட்டன் போன், எல்லாமே அமுக்கினால் உள்ளே போகும், ஒரு சின்ன தடுப்பு தெரியும், விட்டால் மேலே வரும். அந்தத் தடுப்பு தெரிகிற வரை அமுக்க வேண்டும் என்பது விரலில் ஊறிப்போன பழக்கம். கண்ணாடியில் அந்தத் தடுப்பு வராது. அதனால் விரல் காத்திருக்கிறது. காத்திருக்கிற அந்த நேரத்தில் அரை விநாடி தாண்டிவிடுகிறது. இதோடு தோலும் சேர்ந்துகொள்ளும். வயதானால் விரல் நுனித் தோல் உலர்ந்துபோகும், அப்போது மின்மாற்றம் குறைவாகவே பதிவாகும், சில தொடுதல்கள் பதிவாவதே இல்லை. தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என்ன செய்வார்? யாராக இருந்தாலும் செய்வதைத்தான், இன்னும் அழுத்தமாக, இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குவார். அதாவது சரியாக அழுத்திப்பிடித்தல் ஆகிற மாதிரியே அமுக்குவார்.

நான் பார்த்தவற்றிலேயே அதிகம் வந்த ஒரு நிகழ்வை முழுதாகச் சொல்கிறேன். இது ஆண்ட்ராய்டு போனில் நடப்பது. அம்மா முகப்புத் திரையில் இருக்கும் ஒரு செயலியின் படத்தைத் தட்டுகிறார், பதிவாகவில்லை. மறுபடியும் அழுத்தமாக வைக்கிறார். அரை விநாடி ஆனதும் ஒரு சின்ன அதிர்வு, அந்தப் படத்துக்கு மேலே ஒரு குட்டிப் பட்டியல் எழுகிறது. எதிர்பார்க்காதது தோன்றியதும் கை தானாகப் பின்வாங்கும், ஆனால் கண்ணாடியை விட்டு மேலே வராமல், கண்ணாடி மேலேயே சறுக்கிக்கொண்டு. போனைப் பொறுத்தவரை படத்தைத் தூக்கியாயிற்று, இழுக்கவும் தொடங்கியாயிற்று. பல போன்களில் இந்த நிலையில் திரையின் மேல்விளிம்பில் Remove என்று ஒரு இடம் தோன்றும். விரல் அந்தப் பக்கம் போய் அங்கே எடுத்துவிட்டால், படம் முகப்பிலிருந்து போய்விடும். மொத்தமும் இரண்டு விநாடிகூட ஆகாது.

அம்மா கண்ணுக்குத் தெரிந்தது என்ன? திறக்கத் தட்டினேன், என்னமோ துடித்தது, காணாமல் போய்விட்டது. அவ்வளவுதான். "நான் எதையும் மாத்தலப்பா, அதுவா போயிடுச்சு" என்பது இந்த அனுபவத்துக்கு ரொம்ப நேர்மையான சாட்சியம். பிள்ளை வந்து பார்ப்பதோ ஒரு காலி இடத்தை. "அது எப்படிம்மா தானா போகும்? நீ எதையோ டெலீட் பண்ணியிருக்க." பாதி உண்மைகூட இல்லாத குற்றச்சாட்டு இது, ஏனென்றால் செயலி அழியவே இல்லை. முகப்பில் இருந்த குறுக்குவழி மட்டும்தான் போயிருக்கிறது, எல்லாச் செயலிகளும் இருக்கும் பட்டியலில் அது அப்படியே இருக்கிறது. Remove வேறு, Uninstall வேறு. பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியும், அதனால் அலட்சியமாகச் சரிசெய்துவிடும். அம்மாவுக்கு அது சொல்லப்படுவதே இல்லை. அவர் மனதில் பதிவது, இந்த போனில் தொட்டால் பொருள் தொலைந்துபோகும் என்பது.

இதற்கு அப்புறம் நடப்பதும் மீமாகத்தான் வருகிறது: ஒரே விரலை, எதிரியைத் தொடுவதுபோல நீட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, மெதுவாகத் தட்டும் பெற்றோர். அந்த மெதுவும் அந்தத் தயக்கமும் முந்தைய விபத்துகளால் வந்தவை. சங்கடம் என்னவென்றால், மெதுவாகத் தொட்டால் அழுத்திப்பிடித்தலாகும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. பயம் விபத்தை உண்டாக்க, விபத்து பயத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.

இன்னொரு காரணத்தை யாரும் மீமாகப் போடுவதில்லை, போட்டால் நம் குட்டு வெளிப்பட்டுவிடும். பல வீடுகளில் அம்மா அப்பா கையில் இருப்பது பிள்ளை புதியது வாங்கியபின் கைமாறிய பழைய போன். நினைவகம் நிரம்பி, பதில் சொல்ல ஒரு விநாடி, ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்ளும் போன். தட்டினால் உடனே எதுவும் நடக்காது. திரும்பத் தட்டுவார். அதற்குள் முதல் தட்டலுக்கான பக்கம் திறந்துவிடும், இரண்டாவது தட்டல் அந்தப் புதிய பக்கத்தில் அதே இடத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் விழும். இணையப் பக்கங்களில் இது இன்னும் மோசம். படமோ விளம்பரமோ தாமதமாக வந்து உட்கார்ந்து எழுத்தையெல்லாம் கீழே தள்ளும், தொட நினைத்த இடத்தில் வேறொன்று இருக்கும். இளைஞர்களுக்கும் இது நடக்கிறதுதான், ஆனால் அவர்கள் "ச்சே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்துவிடுவார்கள். பெரியவருக்கோ தான் தொடாத ஒன்று திறந்ததுபோல இருக்கும். உண்மையிலேயே அதை அவர் தொடவில்லைதான்.

சரி, ஆளுக்கு ஆள் விரல் வேறுபடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அழுத்திப்பிடித்தால் வேறு நடக்கும், ஓரத்திலிருந்து தள்ளினால் பின்னால் போகும் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? யாரும் பாடம் எடுக்கவில்லையே.

இங்கேதான் தலைமுறை இடைவெளி என்பதன் உண்மையான உருவம் தெரிகிறது. 2007இல் வந்த முதல் ஐபோனில் முன்பக்கம் ஒரே ஒரு வட்ட பட்டன் இருந்தது. வழி தவறினால் அதை அமுக்கு, முகப்புக்கு வந்துவிடலாம். காப்பி பேஸ்ட்கூட அதில் கிடையாது. இரண்டு வருடம் கழித்து, 2009இல் வந்த புதுப்பிப்பில்தான் சேர்த்தார்கள். அந்த வட்ட பட்டன் 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் போய்விட்டது, அடியிலிருந்து மேலே தள்ளுவது அதன் இடத்துக்கு வந்தது. ஆண்ட்ராய்டிலும் கீழே தெரிந்த மூன்று பட்டன்களுக்குப் பதிலாக முழுக்க முழுக்க விரலசைவால் நடத்தும் முறை 2019இல், பத்தாம் பதிப்பில் வந்தது. ஆரம்பத்திலிருந்தே கூடவே வந்தவர்கள் இவற்றைத் தவணை முறையில் கற்றார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு புது அசைவு, அதற்கு ஒரு விளக்கப் படம், பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் "இது பாத்தியா" என்று ஒரு பேச்சு. பெற்றோர் பலரும் உள்ளே நுழைந்தது எல்லாத் தவணையும் முடிந்த பிறகு. அவர்கள் கைக்கு வரும்போது பட்டன்கள் எல்லாம் மறைந்துவிட்டன, மொத்தப் பாடமும் ஒரே நாளில் தலைமேல் விழுந்தது, அதுவும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல்.

இதைத் துறைக்குள்ளேயே பெரிய ஆட்கள் அப்போதே எச்சரித்திருந்தார்கள். வடிவமைப்பு பற்றி எழுதுபவர்களில் முக்கியமான டான் நார்மனும் ஜேக்கப் நீல்சனும் 2010இல் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில், விரலசைவுத் திரைகள் பயன்பாட்டு எளிமையில் ஒரு படி பின்னடைவு என்றே சொன்னார்கள். பல பத்தாண்டுகளாக ஒத்துக்கொண்ட அடிப்படைகள் கைவிடப்படுகின்றன என்பது அவர்கள் புகார்: என்ன செய்ய முடியும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், செய்ததைத் திருப்ப முடிய வேண்டும், ஓர் இடத்தில் வேலை செய்த அசைவு எல்லா இடத்திலும் அதே வேலையைச் செய்ய வேண்டும். கவனியுங்கள், அவர்கள் பேசியது முதியவர்களைப் பற்றி மட்டும் இல்லை, எல்லாரையும் பற்றி. அந்தப் பின்னடைவின் விலையை முதலில் கொடுக்க நேர்ந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள், அவ்வளவுதான்.

காப்பி பேஸ்ட்டையே எடுங்கள். ஒரு எண்ணை ஒரு செய்தியிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பா கேட்கிறார். நீங்கள் சொல்வீர்கள்: "அழுத்திப் பிடிங்கப்பா, காப்பி குடுங்க, அங்க போய் பேஸ்ட் பண்ணுங்க." மூன்றே படி. அவருக்கு முன்னால் இருப்பதோ வேறு. அழுத்திப் பிடித்தால் சில இடங்களில் சொல் தேர்வாகும், அரட்டைச் செயலிகளில் பெரும்பாலும் முழுச் செய்தியும் தேர்வாகும். தேர்வானபின் இரண்டு பக்கமும் கொக்கிபோல வரும் குறிகளை இழுக்க வேண்டும், அதை யாரும் சொல்லவில்லை. காப்பி என்பதைத் தட்டியதும் பல போன்களில் கண்ணில் படும்படி திரையில் ஒரு மாற்றமும் இருக்காது. எடுத்த எண் எங்கே போனது? கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இருக்கிறது, அங்கே ஒரு சமயத்தில் பொதுவாக ஒன்றுதான் நிற்கும், நடுவில் வேறெதையாவது காப்பி செய்தால் முதல் எண் போய்விடும். பேஸ்ட் செய்ய வேண்டிய காலிப் பெட்டியில் பேஸ்ட் என்ற சொல்லே இருக்காது, அங்கேயும் அழுத்திப் பிடித்தால்தான் வரும். அப்பா "காப்பி ஆகலயே" என்று சொன்னால், ஆனதற்கு எந்த அடையாளமும் காட்டப்படவில்லை என்று அர்த்தம். அவர் கேட்பது நியாயமான கேள்வி.

இந்த இடத்தில் பிள்ளைகள் செய்வதுதான் அடுத்த பிரபலமான மீம்: "குடுங்க, நானே பண்ணித் தரேன்." ஐந்து விநாடியில் வேலை முடியும், கற்றுக்கொள்ளல் பூஜ்யம். இதைப் பொறுமையின்மை என்று மட்டும் பார்ப்பது தவறு. பழகிப்போன வேலை சொற்களிலிருந்து விரலுக்கு இறங்கிவிடும், அதை மறுபடி சொற்களாக்குவது செய்தவருக்கே கஷ்டம். 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதைச் சோதித்துப் பார்த்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் சரியாகச் சொல்லப்பட்டது 3. தட்டுபவர் மனதில் பாட்டு முழுதாக ஓடுகிறது, கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் டொக் டொக். "செட்டிங்ஸ்ல போய், கீழ போங்க, அதுல வரும் பாருங்க" என்று நாம் போனில் சொல்வது அந்த டொக் டொக்தான். நம் மனதில் திரை முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்கு ஓடவில்லை.

இதைச் சமாளிக்கப் பெற்றோர் கண்டுபிடித்த கருவி நோட்டுப் புத்தகம். "1. பச்சை படம். 2. மேலே மூணு புள்ளி. 3. கீழே இரண்டாவது" என்று கையெழுத்தில் எழுதி வைத்திருக்கும் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அது மிகச் சரியான உள்ளுணர்வு, எழுதும் முறைதான் பிசகுகிறது. எங்கே தட்ட வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். தட்டுவதற்கு முன்னால் திரை எப்படி இருக்க வேண்டும், தட்டிய பிறகு எப்படி மாற வேண்டும் என்பது இருக்காது. அதனால் இரண்டாம் படி பிசகினால், மூன்றாம் படியை ஏதோ வேறு பக்கத்தில் செய்துகொண்டிருப்பார். செயலி புதுப்பிக்கப்பட்டு மூன்று புள்ளி இடம் மாறினால் முழுக் குறிப்பும் செத்துப்போகும். நீங்கள் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் எப்போதும் முகப்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "இப்போது மேலே இன்ன சொல் தெரியும்" என்று ஒரு அடையாளம் எழுதுங்கள். முதல் வரியிலேயே, வழி தவறினால் முகப்புக்குத் திரும்புவது எப்படி என்று எழுதுங்கள். அந்த ஒன்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பயம் என்றதும் "சும்மா அமுக்கிப் பாருங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்வதை யோசித்துப் பாருங்கள். நாம் முதன்முதலாக நோண்டிய கருவியில் விளையாட்டுகள்தான் இருந்தன, கெட்டால் யாராவது சரிசெய்வார்கள். அம்மாவின் முதல் ஸ்மார்ட்போனிலேயே வங்கிச் செயலி இருக்கிறது, உறவினர் அத்தனை பேரின் எண்ணும் இருக்கிறது, பேரக்குழந்தையின் படங்கள் இருக்கின்றன. நோண்டிப் பார்க்கிற போன் இல்லை அது. இதோடு, அதே பிள்ளை மறுநாள் வந்து "தெரியாத எதையும் தொட்டுடாதீங்க, லிங்க் வந்தா அமுக்காதீங்க, பணம் போயிடும்" என்கிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும் அறிவுரை. எது நோண்டலாம், எது கூடாது என்று பிரித்துப்பார்க்கும் அறிவுதான் இங்கே தேவை, அதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. போனுக்கு உள்ளே இருக்கும் அமைப்புகளை மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் திருப்பக்கூடியது. வெளியிலிருந்து வந்த செய்தி எதையாவது செய்யச் சொன்னால் அது திருப்ப முடியாததாக இருக்கலாம். இந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தால் இரண்டு அறிவுரையும் சண்டை போடாமல் நிற்கும்.

"அப்படியானால் இளையவர்களுக்கு இதெல்லாம் இயல்பாக வருவது?" என்று கேட்பீர்கள். 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வி எழுத்தாளர், இளையவர்கள் டிஜிட்டல் உலகின் மண்ணின் மைந்தர்கள், மூத்தவர்கள் குடியேறியவர்கள் என்று எழுதினார். மீம்கள் எல்லாம் இன்றுவரை அந்த எண்ணத்தில்தான் ஓடுகின்றன. சோதித்துப் பார்த்தபோது அப்படி வரவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் அளந்த 2018ஆம் ஆண்டின் சர்வதேச ஆய்வில், உச்ச நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம். கருவியோடு வளர்வது மட்டும் போதாது என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் முடிவும். போனில் பறக்கும் மாணவர்கள் பலர், சேமித்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பதாகக் கல்லூரி ஆசிரியர்கள் சில ஆண்டுகளாகவே சொல்லி வருகிறார்கள். அவர்களுக்குக் கோப்பு என்பது தேடினால் வரும் ஒன்று, அது ஓர் இடத்தில் இருக்கிறது என்ற எண்ணமே பழகவில்லை. அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளை அடுக்கிப் பழகிய அப்பாவுக்கு அது கைவந்த கலை. "சேவ் பண்ணினேன், எங்க போச்சுன்னு தெரியல" என்று பத்தொன்பது வயதுப் பையன் சொல்வது, "அதுவா போயிடுச்சு" என்பதன் உறவுக்காரன்தான். அதற்கு மீம் குறைவாக இருப்பதற்குக் காரணம், மீம் போடுபவர்களின் வயது.

நம்மை நடக்கவைத்தவர்கள் அவர்கள், பொறுமையாக இருக்க வேண்டாமா என்று பதில் மீம்களும் வருகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் அது கோளாறை நன்றிக்கடனாக மாற்றிவிடுகிறது. அழுத்திப்பிடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் தீர்கிற விஷயத்துக்கு எதற்குக் குற்றவுணர்ச்சி?

ஆம், அதைக் கூட்ட முடியும். ஆண்ட்ராய்டு போன்களில் Settings-க்குள் Accessibility பகுதியில் Touch & hold delay என்று ஒன்று இருக்கும், அதை Long என்று வையுங்கள். ஐபோனில் அதே Accessibility-யில் Touch, அதற்குள் Haptic Touch, அங்கே Slow. முகப்பிலிருந்து படங்கள் மறைவதுதான் தொல்லை என்றால் சில போன்களில் Lock Home screen layout என்று ஒரு வசதி உண்டு, முகப்பில் எதையும் நகர்த்தவே முடியாமல் செய்துவிடும். ஆண்ட்ராய்டில் விரலசைவுக்குப் பதில் 3-button navigation தேர்ந்தெடுத்தால் கீழே மூன்று பட்டன்களும் திரும்ப வந்துவிடும். பழசு என்று தோன்றும், இருக்கட்டும். பின்னால் போவது என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளாக அங்கே இருக்கிறது.

ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன் எந்தக் கோளாறு என்று கண்டுபிடியுங்கள். "என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, அவருக்கும் தெரியாது. "அதையே மறுபடி பண்ணிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு விரலைப் பாருங்கள். குட்டிப் பட்டியல் எழுந்தாலோ போன் அதிர்ந்தாலோ, தொடுதல் நீள்கிறது, மேலே சொன்ன நேரத்தைக் கூட்டினால் போதும். தட்டும்போதெல்லாம் பக்கம் நழுவினால் விரல் சறுக்குகிறது, அல்லது போனைப் பிடித்திருக்கும் கையின் உள்ளங்கைச் சதை ஓரத்தில் படுகிறது. ஓரங்களைக் கொஞ்சம் மூடும் உறை போட்டால் இது குறையும். பல முறை தட்டியும் ஒன்றும் ஆகாமல் பிறகு சடசடவென்று நான்கு பக்கம் திறந்தால் போன்தான் மெதுவாக இருக்கிறது. அதற்கு எந்த அமைப்பும் உதவாது, சேமிப்பிடத்தைக் காலி செய்யுங்கள், அதுவும் போதவில்லை என்றால் போனை மாற்றுங்கள். தட்டல் பதிவாகவே இல்லை என்றால் முதலில் திரைமேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியைப் பாருங்கள். தடிமனான, ஓரம் தூக்கிய பாதுகாப்புக் கண்ணாடி உலர்ந்த விரலுக்குப் பெரிய எதிரி.

கை நடுக்கம் இருந்தால் ஒரே தட்டல் இரண்டாகப் பதியும், அதற்கும் Accessibility-க்குள் பல போன்களில் தனி வசதி உண்டு. இன்னொன்று, இதுவரை தானாகவே எல்லாம் செய்துகொண்டிருந்தவர் சில மாதங்களில் பழகிய வேலைகளையே மறக்க ஆரம்பித்தால், அது மீமுக்கான விஷயமில்லை, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். மேலே நான் சொன்னதெல்லாம் எப்போதும் இருந்த சிக்கலுக்கு, புதிதாக வந்த மாற்றத்துக்கு அல்ல.

தூரத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால், போனையே வெளியிலிருந்து இயக்கும் செயலியை நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் பெரியவர்களிடம் போடச் சொல்வதும் அதே வகைச் செயலிதான், "பிள்ளைகூட இப்படித்தான் பார்ப்பான்" என்று பழகிவிட்டால் அவர்கள் கேட்கும்போதும் சந்தேகம் வராது. வீடியோ காலில் திரையைப் பகிரச் சொன்னால் போதும், அதிலும் வங்கிச் செயலியைத் திறக்காமல். அவர் விரல் வைப்பார், நீங்கள் பார்ப்பீர்கள். எங்கே தவறுகிறது என்பது உங்களுக்கும் முதல் முறையாகத் தெரியும்.